ஜெயராணி கழிக்க மறந்த ஒன்று

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பொறியியல் கல்லூரி. அதில் மின்னணுத் துறையில் நான் ஆசிரியர். ஜெயராணி அதே துறையில் லேப் இன்ஸ்ட்ரக்டர். நான் சிதம்பரத்திலிருந்து வடக்கே வரும் பஸ்ஸில் வருவேன், அவர் மஞ்சக்குப்பத்திலிருந்து தெற்கே வரும் பஸ்ஸில் வருவார். எட்டே காலுக்கு இருவரும் கல்லூரி வாசலில் இறங்குவோம். எட்டு வருடம் இப்படித்தான் போனது. எங்களுக்குள் சிநேகம் என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு வேலை, பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

அவருடைய அப்பா சாமிக்கண்ணு மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் ஃபைல் தூக்கியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவார். பெண்ணை எப்படியாவது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஜெயராணி எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தார். 2004-இல், இருபத்தாறு வயதில், எங்கள் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் டிப்ளமோக்காரர்களுக்கு எங்கள் ஊரில் மேசை கிடைப்பதில்லை. ஸ்டூல்தான் கிடைக்கும். லேப் கதவைத் திறப்பது, கம்ப்யூட்டர்களை ஆன் செய்வது, மாணவர்கள் உடைத்ததை நோட்டில் எழுதுவது, ஆசிரியர் வர நேரமானால் அவர் வரும்வரை கூட்டத்தைச் சமாளிப்பது. இதெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் வேலை. பாடம் நடத்துவது மட்டும் இல்லை.

அவருக்கோ அதுதான் வேண்டியிருந்தது. ஒருநாள் லேபுக்குள் போனபோது, யாருமில்லாத பெஞ்சுகளைப் பார்த்துப் போர்டில் எதையோ எழுதி விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாகத் துடைத்தார்.

“எனக்கு கிளாஸ் எடுக்கணும் சார். ஒரு பீரியட் குடுத்தாக்கூடப் போதும்” என்றார்.

நான் சிரித்தேன். அதைக் கேட்டு நான் சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

2005-இல் கல்லூரிக்கு மேட்லேப் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. அதுவரை சிக்னல் லேபில் எல்லாவற்றையும் சி மொழியில்தான் செய்துகொண்டிருந்தோம். எங்கள் துறைத் தலைவர் திருநாவுக்கரசு, பழைய சி புரோகிராம்கள் எல்லாவற்றையும் மேட்லேப்புக்கு மாற்றிப் புது மேனுவல் அச்சடிக்க வேண்டும் என்றார். மேனுவல் என்றால் மாணவன் செமஸ்டர் முழுக்கக் கையில் வைத்திருக்கும் லேப் புத்தகம். அதில் உள்ள புரோகிராமை அவன் டைப் அடிப்பான், அதில் உள்ள விடை அவனுக்கும் வர வேண்டும். வந்தால் ரெக்கார்டு நோட்டில் எழுதி, எங்களிடம் கையெழுத்து வாங்குவான். மாற்றும் வேலை முறைப்படி என்னுடையது. நான் அதை ஜெயராணியின் தலையில் கட்டினேன். எனக்குக் கல்யாண வேலை இருந்தது என்று ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அதில் முதல் பரிசோதனை டிஎஃப்டி. இதைப் பாடமாகப் படிக்காதவர்களுக்கும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஒரு சிக்னலை வரிசையாக நான்கு எண்களாக எடுத்துக்கொள்வோம்: 1, 2, 3, 4. அதற்குள் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கூட்டல்தான் டிஎஃப்டி. கூட்டும்போது ஒவ்வொரு எண்ணோடும், அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒரு சுழற்சியைப் பெருக்க வேண்டும். எண் நிற்கும் இடத்துக்கு n என்று பெயர், அதிர்வெண்ணின் இடத்துக்கு k என்று பெயர். கணிதப் புத்தகம் இரண்டையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. சி மொழியும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். மேட்லேப் மட்டும் ஒன்றிலிருந்து எண்ணும். பூஜ்யமாவது இடம் என்று அதில் ஒன்று கிடையாது.

ஜெயராணி சி புரோகிராமை அப்படியே மாற்றி ஓட்டினார். பூஜ்யமாவது இடத்தைக் கேட்டதும் மேட்லேப் சிவப்பெழுத்தில் திட்டியது. அதனால் n-ஐயும் k-ஐயும் எண்ணும் இரண்டு சுற்றுகளையும் ஒன்றிலிருந்து தொடங்கும்படி மாற்றினார். சிவப்பு போய்விட்டது, ஆனால் விடை இடம் மாறி வந்தது. நான்கு எண்களையும் கூட்டினால் பத்து. டிஎஃப்டியின் முதல் விடை அந்தக் கூட்டுத்தொகைதான். அது கடைசியில் போய் நின்றது. இதை அவரே கண்டுபிடித்தார். சுழற்சிக் கணக்கில் k என்று இருந்த இடத்தில் k-1 என்று போட்டார். பத்து முதலுக்கு வந்துவிட்டது. மற்ற விடைகளின் அளவும் புத்தகத்தோடு ஒத்துப்போனது: 10, 2.83, 2, 2.83. அளவுக்கான படமும் அச்சு அசலாக அப்படியே வந்தது.

n-இலும் ஒன்றைக் கழித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டார்.

அதை விட்டால் என்ன ஆகும்? சிக்னலின் முதல் எண் பூஜ்யமாவது நொடியில் நிற்பதற்குப் பதில் ஒன்றாவது நொடியில் நிற்பதாகக் கணக்கு நினைத்துக்கொள்ளும். மேக்னிட்யூட் என்கிற அளவு மாறாது, ஃபேஸ் என்கிற கோணம் மட்டும் மாறும். இரண்டாவது விடை −2+2j என்று வர வேண்டும், 2+2j என்று வரும். அளவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்றும் உண்டு. டிஎஃப்டி சரியா என்று சோதிக்க, அதைத் திருப்பிப் பழைய எண்களை வரவழைத்துப் பார்ப்பது வழக்கம். ஜெயராணி அதையும் செய்தார். திருப்பும் புரோகிராமையும் அவர்தான் எழுதினார், அதிலும் அதே n-ஐ அப்படியே விட்டிருந்தார். போகும்போது ஒரு இடம் தள்ளிய தப்பு, வரும்போது அதே ஒரு இடத்தைப் பின்னுக்கு இழுத்தது. 1, 2, 3, 4 என்று சுத்தமாகத் திரும்பி வந்தது. இதற்கு மேல் ஒருவர் எதைச் சோதிப்பார்?

அவர் தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ‘சரிபார்த்தவர்’ என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன், கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். மேனுவல் அச்சாகி வந்தது. அட்டையில் திருநாவுக்கரசு பெயர் இருந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் அட்டையில் வருடத்தை மட்டும் மாற்றி அச்சடித்தோம். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இது சாதாரணம். இந்த வருடத்து மாணவன் போன வருடத்து மாணவனின் ரெக்கார்டை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பான். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. தப்பும் அப்படித்தான் வருடத்துக்கு வருடம் பத்திரமாகக் கைமாறிப் போனது.

2007-இல் ஒரு சந்தர்ப்பம் வந்தது. இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு ஆசைதான், ஆனால் அப்புறம் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. லால்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாணவி, வகுப்பில் நான் போர்டில் போட்ட விடையும் லேபில் வரும் விடையும் வேறாக இருக்கிறது என்று ஜெயராணியிடம் கேட்டிருக்கிறாள். ஜெயராணி அவளுடைய வகுப்பு நோட்டையும் மேனுவலையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சார், நீங்க −2+2j போட்டுருக்கீங்க. நம்ம புரோகிராம்ல 2+2j வருது. எங்கயோ இடிக்குது சார்.”

அப்போது இன்டர்னல் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். நோட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன்.

“மேட்லேப்ல கன்வென்ஷன் வேற ஜெயராணி. மேக்னிட்யூட் சரியா வருதுல்ல? அப்புறம் என்ன?”

“ஃபேஸ் படம்கூட வேற மாதிரி இருக்கு சார்.”

“அதான் சொல்றேன்ல, கன்வென்ஷன்.”

அப்படி ஒரு கன்வென்ஷன் உலகத்தில் எங்கும் கிடையாது. எனக்குத் தெரியாத ஒன்றுக்கு ஒரு ஆங்கில வார்த்தையை மேலே போட்டு மூடினேன். இது ஆசிரியர்களுக்குக் கைவந்த கலை. ஜெயராணி தலையாட்டிவிட்டுப் போனார். எம்.இ. படித்தவன் சொன்னால் டிப்ளமோ படித்தவர் வேறென்ன செய்ய முடியும்? அந்த மாணவிக்கும் அவர் அதையே சொல்லியிருப்பார். காலையில் நான் போர்டில் ஒரு விடை எழுதுவேன், மதியம் லேபில் இன்னொரு விடைக்குக் கையெழுத்துப் போடுவேன். இப்படியே இன்னும் நான்கு வருடம்.

அதே வருடம் ஜெயராணி சிதம்பரத்தில் பகுதி நேர பி.இ. சேர்ந்தார். சனி, ஞாயிறு வகுப்பு. ஞாயிறு சர்ச் போயிற்று, அதற்கு அவருடைய அம்மா ராஜாமணி ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். நான்கு வருடத்தில் ஒரு அரியர்கூட இல்லாமல் முடித்தார். 2011 ஜூலையில் திருநாவுக்கரசு அவரைக் கூப்பிட்டு, ஜனவரியிலிருந்து டீச்சிங் அசிஸ்டென்ட் ஆக்குவதாகச் சொன்னார். இரண்டாம் ஆண்டுக்கு ஒரு பாடம். சொந்தமாக ஒரு வகுப்பு, கையில் அட்டெண்டன்ஸ் நோட்டு. அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் ஜெயராணி பால்கோவா கொடுத்தார். என் மேசைக்கு வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அக்டோபர் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து பல்கலைக்கழகம் அனுப்பும் எக்ஸ்டர்னல் ஒருவர், உள்ளிருந்து ஒருவர். உள்ளே நான்தான். வெளியிலிருந்து வந்தவர் பெயர் வைத்திலிங்கம். விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் சீனியர். வடையைத் தொடவில்லை, இளநீரையும் தொடவில்லை. சலுகை எதிர்பார்க்க முடியாத ஆள் என்று அப்போதே தெரிந்தது.

மாணவர்கள் மடித்து வைத்த சீட்டில் ஒன்றை எடுப்பார்கள். வந்த கேள்விக்குத் தாளில் புரோகிராம் எழுதிக் காட்டி, பிறகு கம்ப்யூட்டரில் ஓட்டி விடையைக் காட்ட வேண்டும். யாரும் புரோகிராமை யோசித்து எழுத மாட்டார்கள். மேனுவலை மனப்பாடம் செய்து வருவார்கள், எழுத்துப் பிசகாமல் எழுதுவார்கள். நாங்களும் அதைத்தான் எதிர்பார்ப்போம்.

அருள்மொழி என்று மூன்றாம் ஆண்டு மாணவி. பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர், விவசாயக் குடும்பம். படிப்பு சுமாருக்கும் மேலே. அவள் எடுத்த சீட்டில் சர்க்குலர் கன்வல்யூஷன் வந்தது. இரண்டு வரிசை எண்களின் டிஎஃப்டிகளைப் பெருக்கி, அதைத் திருப்பி, ஒரே வரிசையாக்குவது. மேனுவலில் இதற்கு மேட்லேப்பே டிஎஃப்டி போட்டுத் தரும் fft என்ற உள் வசதியைப் பயன்படுத்தியிருந்தோம். அது சரியாகவே வேலை செய்யும். அதனால்தான் அந்தப் பரிசோதனையில் ஒரு வருடமும் பிரச்சினை வரவில்லை.

வைத்திலிங்கம் சீட்டை வாங்கிப் பேனாவால் கீழே ஒரு வரி சேர்த்தார்: fft கூடாது, சொந்த டிஎஃப்டி எழுதவும்.

அவள் பயப்படவில்லை. முதல் பரிசோதனையின் டிஎஃப்டியும் அதைத் திருப்பும் புரோகிராமும் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டையும் பொருத்தி எழுதினாள். யோசித்துச் செய்த வேலை அது, அந்த அறையில் அன்று யோசித்தவள் அவள் ஒருத்திதான். 1, 2, 3, 4 ஒரு வரிசை, 1, 2, 0, 0 இன்னொரு வரிசை. கையால் கணக்குப் போட்டுத் தாளில் விடையையும் எழுதி வைத்தாள்: 9, 4, 7, 10. பிறகு ஓட்டினாள்.

திரையில் 10, 9, 4, 7 என்று வந்தது.

கடைசியில் வர வேண்டிய பத்து முன்னால் வந்து, மற்ற மூன்றும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தன. ஒரு டிஎஃப்டி எடுத்து ஒரு முறை திருப்பினால் தப்பு தன்னைத் தானே தின்றுவிடும் என்று சொன்னேன் அல்லவா? இங்கே இரண்டு டிஎஃப்டி, இரண்டு தப்பு. திருப்புவது ஒரே முறை. ஒரு தப்பு மிச்சம். ஆறு வருடத்தில் முதல் முறையாக அது வெளியே தலையை நீட்டியது.

அருள்மொழி மறுபடி ஓட்டினாள். எண்களை அழித்துத் திரும்ப அடித்தாள். அதேதான் வந்தது. வைத்திலிங்கம் பின்னால் வந்து நின்றார்.

“தியரி ஒண்ணு, அவுட்புட் ஒண்ணா? எது தப்பும்மா?”

“தெரியல சார். மேனுவல்ல இருக்கிற டிஎஃப்டிதான் சார் போட்டேன்.”

“மேனுவல்ல தப்பா இருக்குமா? டைப் அடிக்கிறதுல கோட்ட விட்டுருப்ப. அவுட்புட் இல்லன்னா ரிசல்ட்டும் இல்ல. மார்க் எப்படிப் போடறது?”

செய்முறையில் ஃபெயில் என்றால் அரியர். அடுத்த ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள், அரியர் வைத்திருப்பவர்களை அறைக்குள்ளேயே விடாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அழ ஆரம்பித்தாள். வைத்திலிங்கம் அவளை வெளியே போய் உட்காரச் சொன்னார். மற்றவர்கள் முடித்துப் போயிருந்தார்கள். அறையில் நாங்கள் இருவரும், பிரிண்டர் பக்கத்தில் ஜெயராணியும்தான் இருந்தோம்.

வைத்திலிங்கம் மேனுவலைக் கேட்டார். கொடுத்தேன். வரிக்கு வரி ஒப்பிட்டார். அருள்மொழி ஒரு புள்ளிகூட மாற்றாமல் அடித்திருந்தாள். அவர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார், துறைத் தலைவரைக் கூப்பிடச் சொன்னார்.

திருநாவுக்கரசு வந்தார். கல்லூரியின் மானம் தன் சட்டைப் பையில் இருப்பதாக நினைப்பவர்.

“ஆறு வருஷமா இதே மேனுவல் சார். நூத்துக்கணக்குல பசங்க பாஸ் பண்ணிருக்காங்க. மேனுவல் கரெக்ட்டு. அந்தப் பொண்ணுதான் கன்வல்யூஷன்ல எங்கயோ சொதப்பிருக்கா. ஒரு சப்ளிமென்ட்டரி எழுதட்டும், என்ன இப்போ?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன சுப்பிரமணியன், சொல்லுங்க. நீங்கதான சப்ஜெக்ட் எடுக்கறீங்க.”

எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. 10, 9, 4, 7 என்று பார்த்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஒரு இடம் தள்ளியிருக்கிறது என்றால் எங்கோ ஒன்றைக் கழிக்கவில்லை என்று அர்த்தம். நான்கு வருடத்துக்கு முன் என் மேசைக்கு வந்த நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. வாயைத் திறந்தால் சரிபார்த்தவன் யார் என்ற கேள்வி வரும். அடுத்த வருடம் எனக்கு அசோசியேட் புரொஃபசர் ஆக வேண்டிய முறை.

“பாக்கணும் சார்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பிரிண்டர் பக்கத்திலிருந்து ஜெயராணி வந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அருள்மொழி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். n என்று இருந்த இடத்தில், டிஎஃப்டியிலும் திருப்பும் புரோகிராமிலும், n-1 என்று அடித்தார். ஓட்டினார். 9, 4, 7, 10.

“தப்பு மேனுவல்லதான் சார் இருக்கு. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. இந்த புரோகிராம நான்தான் எழுதுனேன். k-ல ஒண்ணக் கழிச்சேன், n-ல கழிக்காம விட்டுட்டேன்.”

திருநாவுக்கரசு, “ஏம்மா ஜெயராணி, நீ போய் உன் வேலயப் பாரு” என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. அந்த மெதுவுக்கு என்ன அர்த்தம் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும்.

“இல்ல சார். அவ பாவம் சார். நான் எழுதுனத நம்பி அடிச்சிருக்கா. நான் சொல்லலன்னா அவளுக்கு அரியர் விழுந்துடும்.”

வைத்திலிங்கம் அவரை உற்றுப் பார்த்தார். “ஆறு வருஷத்துல யாருமே கேக்கலையாம்மா? ஃபேஸ் தப்பா வந்திருக்குமே. ஸ்டாஃப் யாராவது கவனிச்சிருக்கணுமே?”

ஜெயராணி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“நான்தான் சார் கவனிக்கல” என்றார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் குறைந்தது ஒரு நிமிடமாவது அவகாசம் இருந்தது. ஒரு நிமிடம் என்பது கொஞ்ச நேரமில்லை.

வைத்திலிங்கம் சட்டென்று முடிவெடுத்தார். புரோகிராமின் யோசனை சரி, பிழை மாணவியுடையது அல்ல, வைவாவில் நாலு கேள்வி கேட்டுவிட்டு மார்க் போடுகிறேன் என்றார். திருநாவுக்கரசு வெளியே போனார். போகும்போது கதவைச் சாத்தவில்லை. வெளியே பெஞ்சில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அருள்மொழியைக் கூப்பிட நான்தான் போனேன். “வாம்மா, சரியாயிடுச்சு. வைவாவுக்கு உக்காரு” என்றேன். அவள் வைவாவில் நன்றாகவே சொன்னாள். எண்பத்தொன்று வாங்கினாள்.

ஜெயராணியிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். அதிலும் 2007 இல்லை, என் பெயர் இல்லை. டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் அடித்தது. கடலூர் முழுக்க மரமும் போஸ்ட்டும் சாய்ந்து, ஊரில் பல நாள் கரண்ட் இல்லை, கல்லூரியும் மூடிக் கிடந்தது. திறந்தபோது டீச்சிங் அசிஸ்டென்ட் இடத்துக்கு எம்.இ. முடித்த வேறொரு பெண் வந்திருந்தார். ஜெயராணிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்தப் புதுப் பெண்ணுக்கு லேப் எங்கே, சாவி எங்கே என்று காட்டிக் கொடுத்ததும் அவர்தான். மேனுவலைத் திருத்தும் வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். பதினோரு புரோகிராமையும் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்த்துத் தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்தேன். ஒரு தப்புகூட இல்லை.

“ஜெயராணி, அன்னைக்கு நான்…” என்று ஆரம்பித்தேன்.

“கையெழுத்து போடுங்க சார், பிரஸ்ஸுக்கு அனுப்பணும்” என்றார்.

ஜூனில் வேலையை விட்டார். வடலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கேயும் லேப்தான். எங்கள் கல்லூரியில் அவருக்கு வழியனுப்பு எதுவும் வைக்கவில்லை. வைக்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

2012 செப்டம்பரில் அருள்மொழிக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளுடைய அப்பா கொளஞ்சியப்பனையும் கூட்டிக்கொண்டு, லட்டு டப்பாவோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். அவர் வேட்டியின் மடிப்பு கலையாமல் கதவோரமே நின்றார். அவள் நேராக என் மேசைக்கு வந்தாள்.

“அன்னைக்கு நீங்க மட்டும் எக்ஸ்டர்னல்கிட்ட பேசலன்னா எனக்கு அரியர்தான் சார். இந்த வேலையே வந்திருக்காது. வீட்ல தெனம் உங்களப் பத்திதான் சார் சொல்லுவேன். அப்பா உங்களப் பாத்தே ஆவணும்னுட்டாரு.”

அவள் வெளியே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட வந்தது நான். அவள் நினைத்ததில் தப்பில்லை.

கொளஞ்சியப்பன் இரண்டு கையையும் கூப்பினார். “நீங்க நல்லாருக்கணும் சார்” என்றார். அவருக்கு என்னைவிட இருபது வயதாவது கூட இருக்கும்.

ஜெயராணியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் அது. வடலூர் ஒரு பஸ் தூரம்தான், அவரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

லட்டை எடுத்துக்கொண்டேன். “பரவால்லம்மா, நல்லா இரு” என்றேன்.